மூன்றரைக்குத் தராத ஐஸ்

அம்மோனியா வாடைக்கு வாசல் தேவையில்லை. இந்த நகரத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பால் பண்ணை இருக்கிறது. போன வாரம் அங்கே ஏதோ குழாய் கசிந்திருக்க வேண்டும். சன்னலைச் சாத்துவதற்குள் அந்த வாடை மூக்கின் நடுத்தண்டில் ஏறிக் கண்ணைப் பொங்கவைத்துவிட்டது. கண் துடைத்துக்கொண்டே சிரித்தேன். மனைவி ஏன் என்று கேட்டாள். மண்டபம் என்றேன். அதற்கு மேல் சொல்ல வெட்கமாயிருந்தது. இருபத்தெட்டு வயதில் நான் ஒருவன் மேல் எவ்வளவு பொறாமைப்பட்டேன் என்பதைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல முடியாது. எழுதிவிடலாம் போலிருக்கிறது.

மண்டபம் என்கிற அந்தக் கடலோர ஊரில் எங்கள் முதலாளிக்கு இரண்டு தொழில். ரோட்டின் மேல் ஐஸ் பேக்டரி. அரை மைல் கிழக்கே கடற்கரையில் மீன் கொட்டகை. கீழக்கரைப் பக்கத்துக் கடல் வியாபாரக் குடும்பம் அவருடையது. தோணியும் கொழும்பும் பார்த்த கை. ஐஸ் பேக்டரிக்கு நான் மேனேஜர். மீன் கொட்டகைக்கு என் பள்ளித் தோழன். நான் அபிராமத்துக்காரன், அவன் நயினார்கோவில் பக்கம். ஒன்றாகப் பரீட்சை எழுதினோம், ஒன்றாக வேலைக்கு வந்தோம், ஒரே வாடகை அறையில் படுத்தோம். அவன் சட்டையில் மீன் வாடை. என் சட்டையில் ஐஸ் மிஷினின் அம்மோனியா. இரண்டும் ஒரே கொடியில் காய்ந்தன.

ஒரு நாளைக்கு என் தொட்டியில் அறுபது ஐஸ் பார் உறையும். அதில் நாற்பது அவன் கொட்டகைக்கு. மீதி இருபதைத் தோணிக்காரர்களும் வெளி வியாபாரிகளும் வருஷ ஒப்பந்தத்தில் பார் நான்கு ரூபாய்க்கு எடுத்தார்கள். எனக்குப் பார் ஒன்றுக்கு அடக்கம் மூன்று ரூபாய். கொட்டகைக்கு அந்த மூன்றுக்கே எழுத வேண்டும் என்பது முதலாளி ஆரம்பத்திலிருந்து வைத்த வழக்கம். வீட்டுப் பண்டத்துக்கு வீட்டுக்குள் லாபம் எதற்கு என்பார்.

கேட்க நன்றாக இருக்கும். மாதக் கடைசியில்தான் எரியும். முதலாளி எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து இரண்டு தாளையும் வாசிப்பார். நாற்பது பாரை அடக்கத்துக்கே கொடுத்துவிட்டு, மீதி இருபதில் பாருக்கு ஒரு ரூபாய், ஆக நாளைக்கு இருபது ரூபாய் லாபம் என் தாளில். அவன் தாளில் நூற்றி நாற்பது. வாசித்துவிட்டு "மாஷா அல்லாஹ்" என்று அவன் பக்கம் பார்ப்பார். என் பக்கம் திரும்பும்போது டீசல் ஏன் கூடுதல் என்று கேட்பார். அவனுக்கு வந்த டீயில் ஏடு மிதப்பதுபோலவும் எனக்கு வந்ததில் இல்லாததுபோலவும் தோன்றும். ஒரே பாத்திரத்து டீதான்.

ராத்திரி முழுக்க இஞ்சின் ஓட, உப்புத்தண்ணீரில் கால் வெடிக்க, நான் உறையவைத்த ஐஸ் அவன் மீன்பெட்டிக்குள் போய்க் கரைகிறது. கரைந்து மதுரை போகிறது. மதுரையில் அது அவன் லாபமாகிறது. அவன் என்ன செய்தான்? மூடியைத் திறந்தான், மூடினான். இப்படித்தான் நினைத்தேன். அவன் விடியுமுன்னே கரைக்குப் போய் வலைக்காரர்களோடு தொண்டை கட்டப் பேசி மீன் எடுப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பொறாமைக்குக் கூட்டல் தெரியும், வகுத்தல் தெரியாது.

அந்த வருஷம் முதலாளி ஒன்று சொன்னார். தூத்துக்குடியில் புதிதாகக் கிளை திறக்கிறார். அதற்கு மேனேஜர் எங்கள் இருவரில் ஒருவர். தை பிறப்பதற்குள் யார் பிரிவு நன்றாக நடக்கிறதோ அவர். நான் அன்றே வேலையைத் தொடங்கினேன். உறையவைக்கிற வேலையை அல்ல, பேசுகிற வேலையை. வெளியே நான்கு ரூபாய்க்குப் போகிற ஐஸ் கொட்டகைக்கு மட்டும் ஏன் மூன்று என்று கேட்டேன். முதலாளி சிரித்தார்.

"நாலு போட்டா எனக்கு எதும் கூடுமா தம்பி?"

கூடாது என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது ஏறும், அவனுக்கு நாற்பது இறங்கும். என்னுடையது அறுபது, அவனுடையது நூறு. முன்னும் பின்னும் சேர்த்தால் அதே நூற்றி அறுபதுதான். ஆனால் எந்தக் கை சம்பாதிக்கிறது என்று முதலாளிக்குத் தெரியும் அல்லவா என்றேன். அது அவருக்குப் பிடித்தது. அவனைப் பார்த்தார். அவன் மீசையைத் தடவிக்கொண்டு நிதானமாகச் சொன்னான்.

"சந்தை வெலைன்னா சரிங்க மொதலாளி. ஆனா சந்தைக்குப் போக எனக்கும் கால விட்ரணும்ல."

அதாவது, வேறிடத்தில் மலிவாகக் கிடைத்தால் அங்கே வாங்கிக்கொள்வான். சரி என்று முதலாளிக்கு முன்னால் நான் சொன்னேன். மண்டபத்தில் வேறு ஐஸ் ஏது என்ற திமிர்.

இரண்டு மாதம் என் தாளில் நாளைக்கு அறுபது நின்றது. முதலாளி டீசலைப் பற்றிக் கேட்கவில்லை. அறையில் அவன் பேச்சுக் குறைந்தது. எனக்கு உறக்கம் நன்றாக வந்தது, சொன்னால் என்ன.

ஐப்பசி மழை வந்தது. வடகடல் கொந்தளித்தால் தென்கடலில் வலை விழும், மீனுக்குக் குறைவில்லை. ஆனால் ராமநாதபுரம் டவுனில் சர்பத் கடையும் சோடாக் கடையும் படுத்துவிட்டன. அங்கே இருந்த ஐஸ் கம்பெனிக்காரர் விற்காத ஐஸோடு தவித்தார். மண்டபம் வரைக்கும் லாரியில் கொண்டுவந்து இறக்கித் தருகிறேன், பார் மூன்றரை ரூபாய் என்று என் தோழனுக்குச் சொல்லி அனுப்பினார்.

அவன் உடனே வாங்கிவிடவில்லை. கொட்டகை ஆளிடம் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பினான். டவுன் ஐஸ் மூன்றரைக்கு வருகிறது, நீயும் மூன்றரைக்குக் கொடுத்தால் உன்னிடமே எடுக்கிறேன், இல்லாவிட்டால் நாளை மறுநாள் முதல் லாரி வரும் என்று.

சீட்டை மூன்று தடவை படித்தேன். கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. அடக்கம் மூன்று ரூபாய் என்றாலும் அதில் பாதி, அறுபது பார் உறைந்தாலும் இருபது உறைந்தாலும் அசையாத செலவு: ஆள் சம்பளம், கட்டடம், இஞ்சினுக்கு வாங்கிய கடனின் வட்டி. ஒரு பார் கூடுதலாக உறையவைக்க டீசலும் மற்றதும் ஒன்றரை ரூபாய்தான். ஒன்றரைக்கு மேல் எது கிடைத்தாலும் எனக்கு லாபம். மூன்றரைக்குள் எது கொடுத்தாலும் அவனுக்கு நஷ்டமில்லை. நடுவே இரண்டு ரூபாய் அகலத்துக்கு இடம் கிடந்தது, இரண்டு பேரும் தாராளமாக நிற்கலாம். ஆனால் மூன்றரை என்று நான் சொன்னால் அவன் தாளில் ஒரு நாளைக்கு இருபது ஏறும். என் கையாலேயே ஏற்ற வேண்டும். சீட்டை மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன்.

அன்று இரவு அறையில் விளக்கை அணைக்குமுன் கேட்டான்.

"சீட்டு வந்துச்சா மாப்ளே?"

"பாக்குறேன்" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. என் பேக்டரி வாசலைத் தாண்டித்தான் கடற்கரைக்குப் போக வேண்டும். சாக்கு போர்த்திய ஊரான் ஐஸ், உமி உதிர்த்துக்கொண்டு, ரோடு நெடுக ஒரு தண்ணீர்க்கோடு போட்டுக்கொண்டு போனது. மழை ஓய்ந்த நேரங்களில் அந்தக் கோடு மட்டும் தனியாகத் தெரியும். நான் இருபது டப்பாவில் மட்டும் தண்ணீர் நிரப்பச் சொன்னேன். நாற்பது டப்பா கவிழ்ந்து கிடந்தது. மிஷின் ஆட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சீட்டாடினார்கள். அதில் ஒருவர், பெரியவர், தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார், இன்னைக்கும் நம்ம மீனு அடுத்த வீட்லதான் சாப்பிடுதா என்று. முறைத்துவிட்டு நகர்ந்தேன். அவனுக்கு இருபது கூடி நூற்றி இருபது. எனக்கு அறுபது போய், போனதோடு நில்லாமல், நாற்பது நஷ்டம். சேர்த்தால் நூற்றி அறுபது இருந்த இடத்தில் எண்பது. தெரிந்தும் ஒன்பது நாள் இருந்தேன். அவனுக்கு அந்த ஐஸ் வழியில் கரைந்து பாதி எடையாய் வந்து சேரட்டும் என்று லாரியின் முதுகைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

பத்தாம் நாள் முதலாளி வந்தார். டவுனில் ஒரு கலியாண வீட்டில் அந்த ஐஸ் கம்பெனிக்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்து, மழைக்காலத்தில் என் அடுப்பெரிய வைத்தீர்கள் என்று நன்றி சொன்னாராம். முதலாளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் இருவரையும் கவிழ்ந்த டப்பாக்களுக்கு நடுவிலேயே நிற்கவைத்தார். சத்தம் போடவில்லை. விரலை மடக்கினார். டவுனுக்குப் போனது நாளைக்கு நூற்றி நாற்பது. இங்கே உறையவைக்காததால் மிச்சமானது அறுபது. எண்பது ரூபாய் என் மடியிலிருந்து விழுந்தது, ஒன்பது நாளில் எழுநூற்றி இருபது, நீங்கள் இரண்டு பேரும் காலடியில் பார்த்தீர்களா என்றார். பிறகு அவனிடம் திரும்பினார்.

"வெளிய வாங்குறதுக்கு முந்தி இவர்ட்ட கேட்டீங்களா தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்வதற்கு இடம் விட்டான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது அவன் மீசை மட்டும். அவன் சட்டைப்பையிலிருந்து சீட்டின் கார்பன் நகலை எடுத்துக் கொடுத்தான். அவன் என்னைக் காட்டிக்கொடுத்தது எனக்கு வலிக்கவில்லை. கார்பன் வைக்க அவனுக்குத் தோன்றியிருக்கிறதே, எனக்குத் தோன்றியிருக்காதே, அதுதான் வலித்தது.

முதலாளி நகலைப் படித்தார். மடித்தார். கொட்டகைக்கு இனி பார் மூன்றரை, நம் தொட்டியில் ஐஸ் இருக்கும்வரை வெளியே ஒரு பார் வாங்கக் கூடாது என்றார். என் வேலையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவரைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். தூத்துக்குடியைப் பற்றி அன்று வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டியதும் இல்லை.

தை இரண்டாம் வாரம் அவன் பெட்டி கட்டினான். அறையில் பாதிக் கொடி காலியாயிற்று. போகக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போனேன். அவன் பெட்டியை நான்தான் தூக்கினேன். கனமாக இருந்தது, அதிலும் எனக்கு ஒரு வருத்தம். கடல்காற்று எங்கள் இரண்டு சட்டையையும் ஒரே பக்கம் இழுத்தது. வெகுநேரம் ஊர்ப்பேச்சு பேசினோம், அவனுடைய அம்மாவின் மூட்டுவலி, என் தங்கை கலியாணம். ரயில் வந்தது. ஏறி, சன்னல் பக்கம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே தலையை நீட்டினான். தூத்துக்குடியிலும் ஒரு ஐஸ் பேக்டரி கட்டி முடியப்போகிறது, மீனையும் அதையும் சேர்த்துத் தன் பொறுப்பில் முதலாளி விட்டிருக்கிறார் என்று அப்போதுதான் சொன்னான். இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தானே என்று எரிச்சல் வந்தது.

"ஐஸுக்கு ஒரு மேனேஜர் வேணும்லே. மொதலாளிட்ட ஒன் பேரச் சொல்லிருக்கேன். வாரியா?"

வண்டி அசைந்தது. அவனுக்குக் கீழே நான். கம்பியைப் பிடித்தபடி நாலு எட்டு கூடவே நடந்தேன்.

"வாரது இருக்கட்டும். பார் என்ன வெலைக்கு எடுத்துக்குவ, அத மொதல்ல சொல்லு."