கொள்ளுக்கொடி கிடந்த ரோடு

பாலக்காட்டில் நான் வக்கீலாகத் தொழில் தொடங்கிய எழுபதுகளில், கொல்லங்கோட்டிலிருந்து ஒரு பெண்ணை அவளுடைய அண்ணன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். அறுவடையான கொள்ளுக்கொடியை அந்தப் பக்கம் தார் ரோட்டில்தான் பரப்புவார்கள். போகிற வண்டிகள் ஏறிப்போனால் மணி தானாக உதிர்ந்து, அடிக்கிற வேலை மிச்சமாகும். அவள் கொடியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வேகமாக வந்த லாரி காய்ந்த கொடியில் சறுக்கி அவள் மேல் மோதியது. கால் முறிந்து கோணலாகச் சேர்ந்துவிட்டது. இனி நாற்று நட அவளால் குனிய முடியாது. நஷ்டஈடு கிடைத்தால்தான் பிழைப்பு.

"டிரைவர் வேணும்னே ஏத்துனான்னு கோர்ட்ல சொல்லச் சொன்னா மாட்டேங்கறாளுங்க" என்றான் அண்ணன்.

"எப்படிங்க சொல்றது? அவந்தானுங்க என்னையத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்" என்றாள்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். "பொய்யே வேண்டாம்" என்று அண்ணனை அடக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "வேணும்னு இடிச்சா அது வேற கேஸ். இது கவனக்குறைவு. ரோட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அங்கே இருக்கிறவர்கள் மேல் ஒரு கடமை உண்டு. கொடி கிடந்தால் ஆளும் இருக்கும், சக்கரமும் சறுக்கும். தெரிந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை என்றால் கடமை தவறினான். அதனால் உன் கால் போயிற்று. இந்த மூன்றும் இருந்தால் போதும். அவன் மனசு கெட்டதாக இருக்க வேண்டியதில்லை."

அவள் முகம் தெளிந்தது. அண்ணனுக்குத்தான் நம்பிக்கையில்லை.

விசாரணையில், லாரிக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனியின் வக்கீல், "டிரைவர் நல்லவர்தானே?" என்று ஆரம்பித்தார்.

"நல்லவந்தானுங்க. ஆனா தூரத்துலயே கொடி தெரியுமில்லைங்க. மெதுவா வந்திருக்கலாம்."

"நடு ரோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது சரியா?"

ஒத்துக்கொள்ளாதே என்று அண்ணன் பின்னாலிருந்து தலையைத் தலையை ஆட்டினான்.

"அது என் தப்புதானுங்க. ரெண்டு பக்கமும் பாத்திருக்கோணும்" என்றாள்.

கேஸ் போச்சு என்று அண்ணன் வெளியே போய்விட்டான். ஆனால் கேஸ் போகவில்லை. டிரைவரின் கவனக்குறைவுதான் பெரிது என்று தீர்ப்பானது. அவள் பங்குத் தவறுக்குக் கால்வாசியைக் கழித்து, மீதியை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும் என்றார் நீதிபதி. கழித்தது எனக்கு எரிச்சல்தான். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

டிரைவர் வராந்தாவில் தலைகுனிந்து நின்றிருந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டு அவனிடம் போனாள். திட்டப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"உம்மேல எனக்குக் கோவமில்ல சாமி" என்றாள். "இனி ரோட்டுல கொடி கிடந்தா, அங்க நான் நிக்கறேன்னு நெனச்சு ஓட்டு."