துரைக்குத் தெரியாத தனுஜா

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் தனுஜாவை எல்லோரும் பேர் சொல்லாமல், வேலையை வைத்துக் கிராணி என்றே கூப்பிடுவார்கள். அன்றன்றைய கொழுந்து எடையைக் கம்ப்யூட்டரில் பதிவது அவள் வேலை. இதுவரை ஆபீசுக்குப் பொதுவாக இருந்த லாகின் கணக்கில்தான் எடை ஃபோல்டரைத் திறந்து வந்தாள். கோலாலம்பூர் தலைமையகம் அந்தக் கணக்கை மூடிவிட்டு, அவரவர் பெயரில் அனுமதி கேட்கச் சொல்லிவிட்டது.

அனுமதி கேட்கட்டுமா என்று காலையில் தோட்ட மேனேஜர் குகனேஸ்வரன் துரையிடம் கேட்டாள்.

"கேளுங்க கிராணி. நான் சரின்னு சொன்னதா எழுதிடுங்க."

தலைமையகத்துக்கு அப்படியே எழுதினாள்: "தினமும் கொழுந்து எடையைப் பதிய, திருத்தும் அனுமதி வேண்டும். மேனேஜர் குகனேஸ்வரன் ஒப்புதல் தந்துள்ளார். தனுஜா."

மத்தியானம் தலைமையகத்துக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஷாமல் போன் செய்தான். "மேனேஜர்கிட்ட மெயில்ல உறுதி கேட்டேன்லா அக்கா. தனுஜான்னு யாரையும் தெரியாது, குடுக்காதீங்கன்னு பதில் போட்டிருக்காரு."

தனுஜாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மூன்று வருடமாகக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவர். எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"வாங்க கிராணி. யாரோ தனுஜாவாம், நம்ம எடை ஃபோல்டர கேக்குது. நான் ஒப்புதல் குடுத்தேனாம்! விடுவேனா?"

"நல்ல காரியம் பண்ணீங்க துரை. அப்ப எனக்குக் காலையில சரின்னீங்களே, அது யார் பேருக்கு?"

துரை மெயிலைத் திரும்பப் படித்தார்.

"கிராணி... உங்க பேரு?"

"அதைத்தான் துரை, எழுதிக் குடுத்தேன்."