சோற்றுக்குப் பின் பத்து நிமிடம்

கிளினிக்கில் டொக்டர் என் நீரிழிவுப் புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஐயா, வெறுவயித்துச் சீனி பரவாயில்ல. சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்திலதான் ஏறி நிக்குது. ரெண்டு கிழமையில இருநூறுக்குக் கீழ வராட்டி இன்சுலின் ஊசி தொடங்கவேணும்."

அன்று 232. என் மகளின் வயதுதான் இருக்கும் டொக்டருக்கு. வீட்டில் நானும் மனைவியும் மட்டும். எனக்குக் கை நடுங்கும். மனைவிக்குக் கண் மங்கல். ஊசியில் உள்ள கோடுகளை யார் எண்ணுவது?

"விடிய நாற்பது நிமிஷம் வாவிக்கரையில நடக்கிறன் டொக்டர்."

"அது நல்லம், விடாதேங்க. ஆனா ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிஷம் நடங்க. நடக்கக்குள்ள கால் தசை ரத்தத்தில இருக்கிற சீனியை இழுத்தெடுத்து எரிக்கும். ஏத்தம் குறையும். மெதுவா நடந்தாலும் காணும். சோத்தையும் கூட்டிக் குறைக்காதேங்க, மருந்தையும் மாத்தாதேங்க."

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் குளத்து நீர்மட்டம் பதிந்தவன் நான். அன்றே கொப்பியில் கோடு போட்டேன். விரலில் குத்திச் சீனி பார்க்கும் பட்டி இருபத்தைந்து கைவசம்.

மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாடு. அகப்பையால் மூன்று தரம் சோறு. மூன்று மணிக்கு விரலில் குத்துவேன். 229. மறுநாள் 235. பிறகு 226, 231, 233. ஆறாம் நாள் 230. ஆறு பட்டிகள் போய்விட்டன; ஒரு அசைவும் இல்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தேன்.

"பத்து நிமிஷம் நடக்கிறீங்கதானே?" என்றாள் மனைவி.

"ஒரு நாளும் விடல்ல."

"எத்தின மணிக்கு?"

"நாலு மணிக்கு. தின்ட சோறு செமிக்காம நடந்தா வயிறு பிடிக்கும். ஒரு மணி வெயிலில ஆர் இறங்கிற?"

அவள் என்னையே பார்த்தாள். "மூணு மணிக்குக் குத்திறீங்க, நாலு மணிக்கு நடக்கிறீங்க. மறுகா எப்படி அந்த இலக்கம் குறையும்? படுத்துக் கிடந்ததைத்தானே அளந்து வச்சிருக்கிறீங்க! கொப்பியில கோடு மட்டும் வடிவா இருக்கு."

கொப்பியைத் திறந்து நாட்களை எண்ணினேன். ஆறு நாட்கள்! மிச்சம் எட்டு.

அடுத்த நாள் கை கழுவியதும் நடந்தேன். வெயிலில் அல்ல, வீட்டுக்குள். முன்கதவிலிருந்து குசினிப் படி வரை பத்தொன்பது அடி. போய்த் திரும்பி, போய்த் திரும்பி, பத்து நிமிடத்தில் நாற்பத்தொரு தரம்.

"என்னத்தைத் தொலைச்சிட்டுத் தேடுறீங்க?" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வயிறு பிடிக்கவுமில்லை. மூன்று மணிக்கு 211. பிறகு 206, 209, 202, 204, 201. இறங்கியது, ஆனால் இருநூறு என்ற கோட்டை விரல் நுனியால் தொடுவதுபோல நின்றது. நேரம் மாற்றிய ஏழாம் நாள் 198. எட்டாம் நாள் கிளினிக்.

அங்கே வெறுவயிற்றில் ஒரு தரம் இரத்தம் எடுத்தார்கள். பிறகு கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டேன். வழமைபோல எண்ணிப் பத்து. சாப்பிட்டு முடிய ஏழு நாற்பது. தாதி நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒன்பது நாற்பதுக்கு வரச் சொன்னார். டொக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நீள வாங்கில் எனக்கு ஒன்பதாவது இடம். ஒருவர் உள்ளே போனால் எல்லாரும் ஒரு இடம் நகர்வார்கள். எழும்பினால் இடம் போய்விடும்.

பக்கத்தில் வாகரையிலிருந்து வந்த மீன்பிடிக்காரர். "தம்பி, பத்து நிமிஷம். இடத்தைப் பாருங்க" என்றேன்.

"என்னண்ண, வயித்தாலயோ? கக்கூஸ் அந்தப் பக்கம்."

"இல்ல, நடக்க."

"நடக்கவோ? நடக்க ஏலாம வந்த சனத்துக்கு நடுவிலயோ? போங்க, போங்க. இடத்துக்கு நான் பொறுப்பில்ல."

எழும்பினேன். விறாந்தை அறுபத்திரண்டு அடி. நாற்காலிகளையும் கால்களையும் விலத்தி நடந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வாங்கைப் பார்த்தேன். எட்டாவது திருப்பத்தில் என் இடத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கால் ஒரு கணம் நின்றது. மணிக்கூட்டில் நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. நடந்தேன். பத்து நிமிடமும் முடித்து, வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தேன். இருபத்தாறாவது.

ஒன்பது நாற்பதுக்குத் தாதி விரலில் குத்தினார். 203.

இருநூறுக்கு மூன்று கூட. அந்த மூன்றோடு பதினொரு மணி கடந்தும் வாங்கில் இடம் இடமாக நகர்ந்தேன்.

டொக்டர் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு என் கொப்பியைக் கேட்டு வாங்கினார். முதல் ஆறு நாளுக்கும் பிந்திய ஏழு நாளுக்கும் நடுவில் பேனையால் ஒரு கோடு போட்டார்.

"இடையில சோத்தைக் குறைச்சீங்களோ?"

"இல்ல டொக்டர். அகப்பை மூணுதான். நடந்த நேரம் மட்டும் மாறினது."

"ராச்சாப்பாட்டுக்குப் பிறகு?"

"நடக்கல்ல. படுத்திருவன்."

"அதையும் சேருங்க. இறங்கத் தொடங்கிட்டுது, ஊசியை இப்ப எழுதல்ல. மூணு மாசத்தால பார்ப்பம்."

வெளியே வந்து, மருந்துச் சீட்டில் எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். பழைய குளிசைகள் இரண்டு. ஊசிக்கென்று மூன்றாவது வரி இல்லை.