ஆறு மாதத்துக்கு ஒரு பாடம்

பதினெட்டை மூன்றால் பிரித்தால் ஆறு. கொழும்பில், காலிக்குப் போகும் வீதியில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இது எனக்குத் தோன்றியது. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு மாதம் இருந்தது. பாடங்களோ கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம். இவ்வளவு சுலபமான விஷயம் முந்திய இரண்டு தடவையும் ஏன் தோன்றவில்லை என்று வரிசையில் நின்றபடியே என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை அது. அதற்குமேல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. பகலில் கொட்டாஞ்சேனையில் துறைமுகச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கந்தோரில் வேலை. இரவு வெள்ளவத்தை அறைக்கு வந்து சேரும்போது கண் செருகிவிடும். ஆகவே விடிய ஐந்திலிருந்து ஏழு வரைதான் என்னுடைய நேரம்.

அறையில் என்னோடு இருந்தவள் மலையகத்து ஹட்டன் பக்கத்துக்காரி. புடவைக் கடையில் வேலைக்கு நின்றாள். அவளுக்கும் அதே பரீட்சை, அதே இரண்டு மணித்தியாலம். ஆனால் இன்றைக்குக் கணக்கீடு, நாளைக்குப் பொருளியல் என்று கைக்கு வந்ததை எடுத்துப் படிப்பாள்.

"கொத்துரொட்டி மாதிரிப் படிக்கிறாய். ஒண்டை முடிச்சுப்போட்டு மற்றதைத் தொடு" என்பேன்.

"நீ முடி தாயி. நான் எனக்குப் புடிச்சத கொத்திக்கிறேன்" என்பாள்.

டியூசன் நடத்தும் டியூட்டரிகளில் அப்போது எங்கும் கேட்கும் சொல் 'முடிச்சாச்சு'. எந்த சேர் எத்தனை மாதத்தில் சிலபஸை முடித்தார் என்பதுதான் விளம்பரமே. நானும் முடித்தேன். இடையில் ஆமி செக்கிங் என்று விடியற்காலையில் கதவு தட்டப்பட்டு, கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத்துண்டோடு படியில் உட்கார்ந்த நாட்களும் இருந்தன. அப்படிப்போன காலைகளுக்கு என் கணக்கில் இடமே வைத்திருக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் பக்கங்களை ஓட்டித் தள்ளி, ஆறாம் மாதக் கடைசியில் கணக்கீட்டுப் புத்தகங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

என் திட்டத்தின் பத்தாம் மாதத்தில், பௌர்ணமிப் போயாவன்று இரண்டு பேருக்கும் விடுமுறை. இரண்டாம் வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம் வேண்டும், எங்கள் காலைக்குள் அது ஒருநாளும் அடங்காது. எனவே அன்றைக்குப் பழைய கணக்கீட்டுத் தாள் ஒன்றைச் செய்து பார்ப்போம் என்றாள். நான் வணிகக் கல்வியின் நடுவில் இருந்தேன்.

"கணக்கீடு நான் முடிச்சிட்டன். ஏன் திரும்ப?"

"முடிச்சதுன்னா பயம் என்னா? ஒக்காரு."

உட்கார்ந்தேன். பங்குடைமைக் கணக்கில் ஒரு பங்காளர் விலகுகிறார். நன்மதிப்பில் அவருடைய பங்கை அவர் கணக்கில் வரவு வைக்கவேண்டும். செய்த ஞாபகம் இருந்தது, எந்தப் பக்கம் என்பதுதான் இல்லை. கொடுக்கவேண்டியதை அவரிடமிருந்து கழிப்பதுபோலப் பற்று வைத்துவிட்டேன். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சமன்படவேயில்லை.

மாதிரி விடையோடு ஒத்துப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பாவம்டி அந்த மனுசன். போறப்பவும் அவருகிட்டயே புடுங்கிட்டியே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதத்தில் இவ்வளவு போய்விட்டதென்றால், பொருளியலை முடிக்கும்போது கணக்கீடு ஒரு வருடம் பழையதாக இருக்கும். அந்த நிலையில்தான் மண்டபத்துக்குள் போயிருப்பேன். கடைசித் தடவையும் போயிருக்கும்.

"உன்ரயைக் காட்டு" என்றேன். செய்த கேள்விகளில் அவளுக்குப் பிழை குறைவு. ஆனால் இரண்டு கேள்விகள் வெறுமையாக இருந்தன. அந்த அலகுகளுக்கு அவள் இன்னும் போகவேயில்லை.

"நீ மறக்கேல்ல, ஆனா போய்ச் சேரேல்ல" என்றேன்.

"நீ போய்ச் சேந்துட்ட, திரும்பி வர வழி தெரியல" என்றாள்.

தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை கதைத்தோம். மிச்சம் எட்டு மாதம். கிழமையில் மூன்று காலை புதிய பாடத்துக்கு: எனக்குப் பொருளியல், அவளுக்குத் தொடாத அலகுகள். வணிகக் கல்வியில் மிச்சத்துக்கு ஒரு காலை, பழைய கணக்கீட்டுக்கு ஒரு காலை. சனிக்கிழமை ஏதாவதொரு பாடத்தின் முதலாம் தாள், அது இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கும். ஞாயிறை வெறுமையாக விடுவது, செக்கிங்கில் போன காலைக்கு அதுதான் ஈடு. போயாவுக்குப் போயா ஒரு இரண்டாம் தாள். கடைசி இரண்டு மாதமும் புதிதாக எதையும் தொடுவதில்லை, தாள்கள் மட்டும்.

"செக்கிங் வராட்டி ஞாயித்துக்கிழம என்னா பண்றது?"

"நித்திரை கொள்ளு."

"அப்ப சரி, ஒத்துக்கிறேன்."

கட்டிலுக்குக் கீழிருந்து கணக்கீட்டுப் புத்தகங்களை இழுத்துத் தூசி தட்டினேன். அடுத்த நாள் ஐந்து மணிக்கு முதல் வேலை, விலகிய பங்காளருக்குக் கொடுக்கவேண்டியதைச் சரியான பக்கத்தில் எழுதுவது. அதற்குப் பிறகு பொருளியலின் முதற்பக்கம்.