பெண்கள் ஏற வசதியான கார்

எங்கள் வீட்டில் கார் வாங்கியது எனக்காகத்தான் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பொய்யில்லை. அதனால்தான் இன்றைக்கும் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

திண்டுக்கல்லில் என் மாமனாருக்குத் தோல் வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் கிட்டங்கி. உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டுக்கட்டாகக் கிடக்கும். என் அம்மா வீடு சித்தையன்கோட்டை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த வருஷம், ஐப்பசி கார்த்திகையில் நான் போய்ப் பார்க்க முடியவில்லை. நடுவில் ஓர் ஓடை. மழை பெய்தால் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும், பஸ் நின்றுவிடும். தண்ணீர் வடிந்த பிறகும் சாலை சாலையாக இருக்காது, சரளைக் கல்லும் பள்ளமுமாகக் கிடக்கும். நான் அடுப்படியில் அழுததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் அவருடைய அத்தாவிடம், அதாவது என் மாமனாரிடம் பேசினார். மாமாவும் மறுக்கவில்லை.

"அடுத்த மழைக்குள்ள ஒரு காரு வாங்கிருவோம். சம்பந்தி அம்மாளுக்கு ஒண்ணுன்னா மருமக போயி நிக்கணும்ல" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டபோது எனக்கு அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

தரகர் இரண்டு வண்டிகளைக் கிட்டங்கி முற்றத்துக்கே கொண்டுவந்தார். நாங்கள் பெண்கள் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஒன்று பழசு, கறுப்பு. உலகச் சண்டைக்கு முந்தியது என்றார்கள். சக்கரம் பெரிது, உடம்பு உயரத்தில் இருக்கும். ஏறுவதற்குப் பக்கவாட்டில் நீளமாக ஒரு படி. மற்றது கொஞ்ச நாள் ஓடிய புது மாதிரி. பச்சை நிறம், சின்னச் சக்கரம், தரையோடு தரையாக இருந்தது.

எங்கள் கிட்டங்கி லாரியைப் பார்க்கிற மெக்கானிக்கை மாமா கூப்பிட்டிருந்தார். அவர் இரண்டு வண்டிக்கும் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"பாய், அந்த ஓடைத் தடத்துக்குன்னா கறுப்பு வண்டிதான். பெரிய சக்கரம் பள்ளத்து மேல ஏறிப் போயிரும். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள்ள இறங்கித்தான் ஏறணும்."

மாமா கைத்தடியை எடுத்துக்கொண்டு போய், பின் அச்சின் நடுவில் பல்சக்கரம் வைத்து உருண்டையாக இருக்குமே, அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். முதலில் கறுப்பு வண்டி, அப்புறம் பச்சை வண்டி. ஆயுசு முழுக்க மாட்டு வண்டி வாங்கியவர் அவர். தோல் ஏற்றப் போகிற வண்டிக்கு அச்சு உயரம்தான் பார்ப்பார். மாட்டு வண்டிக்கு ஸ்ப்ரிங் கிடையாது. வெறும் வண்டியோ பார வண்டியோ, அது நிற்கிற உயரம் ஒன்றுதான்.

"ரெண்டு விரக்கடைதான்யா வித்தியாசம். இதுக்கா இம்புட்டுப் பேச்சு?"

"அச்சு இறங்காது பாய், அது சக்கரத்தோட நிக்கிது. அதுக்கு மேல இருக்க உடம்புதான் இறங்கும். ஆளு ஏற ஏற வயிறு தாழும். எஞ்சினுக்கு அடியில எண்ணெய்த் தொட்டி இருக்கு பாருங்க, அதுவும் சேர்ந்து தாழும்."

"ஓட்டிப் பாத்தோம்ல? பழனி ரோட்டுல தொட்டில் மாதிரி போச்சு."

"தொட்டில் மாதிரி இருந்தா ஸ்ப்ரிங்கு இளசுன்னு அர்த்தம். நீங்க மூணு பேரு போனீக. வீடே ஏறுனா ஸ்ப்ரிங்கு முக்காவாசி அப்பவே அமுங்கிரும். அப்புறம் பள்ளத்துல அமுங்க எடம் ஏது? ரப்பர்ல போயி டம்முன்னு நிக்கும், அடி கல்லுல இடிக்கும். பாரம் ஏத்தி வச்சு அளந்து பாருங்க."

"பாரத்துக்கு எங்க போக? பொம்பளைகளக் கூப்புட்டு உன் முன்னாடி ஏத்தச் சொல்றியா?"

"அந்தத் தோல் கட்டைத் தூக்கி வையுங்க பாய்."

தரகர் துள்ளிக் குதித்தார். "யோவ், உப்புத் தோலை ஏத்துனா நாத்தம் ஏழு தலைமொறைக்குப் போகாதுய்யா! வாங்கலேன்னா வண்டிய நான் யார்ட்ட விக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். பேச்சு அத்தோடு போயிற்று. கறுப்பு வண்டிக்காரரிடம் மெக்கானிக் கமிஷன் பேசியிருக்கிறார் என்று தரகர் மாமாவின் காதில் போட்டார். அது உண்மையாகவே இருந்தது என்று பிறகு தெரிந்தது. கமிஷன் பேசியதும் நிஜம், வண்டியைப் பற்றிச் சொன்னதும் நிஜம். ஆனால் ஒன்று தெரிந்த பிறகு மற்றதை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் முடிவு பண்ணியது சக்கரமும் இல்லை, ஸ்ப்ரிங்கும் இல்லை. மாமா கறுப்பு வண்டியின் படியைத் தடியால் தட்டிக் காட்டினார்.

"இதுல கால வச்சு, அம்புட்டு ஒசரம் தூக்கி, நடுத்தெருவுல நம்ம வீட்டுப் பொம்பளைக ஏறுறதா? பச்சை வண்டின்னா கதவத் தொறந்தா உக்காந்துக்கிறலாம். நாலு பேரு பாக்கும்படி ஆகாது."

நான் ஜன்னலில் இருந்து என் மாமியாரிடம் மெல்லச் சொன்னேன். "நாங்க ஏறிக்கிருவோம் மாமி. கறுப்பே இருக்கட்டும்னு சொல்லுங்க." நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது.

மாமி என் கையில் கிள்ளினார். "ஒனக்காகத்தானே பாக்குறாக. காலத் தூக்குறேன்னு நீயே சொல்லுவியா? சும்மா இரு புள்ள."

பச்சை வண்டி வந்தது. பின் கண்ணாடிகளுக்குத் திரை தைத்துப் போட்டேன். கோடையில் இரண்டு முறை அம்மாவைப் பார்க்கப் போனோம். நானும் அவரும் டிரைவரும் மட்டும். ஓடை காய்ந்து கிடந்தது. வண்டி அருமையாகப் போனது. "பாத்தியா?" என்று மாமா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

மழை பிடித்தது. ஒரு நாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்த நேரம், சித்தையன்கோட்டையிலிருந்து ஓர் ஆள் நனைந்துகொண்டு வந்து நின்றார். அம்மா மௌத்தாகிவிட்டார்கள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு எடுத்துவிடுவார்கள், மழையில் வைத்திருக்க முடியாது. முகம் பார்ப்பதென்றால் உடனே வரச் சொன்னார்களாம்.

உடனே என்றால் உடனேயா? மௌத் வீட்டில் அடுப்பு எரியாது. சம்பந்தி வீடு வெறுங்கையோடு போகக் கூடாது. ஓர் அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின், சோறாக்கப் பெரிய தேக்சா எல்லாம் டிக்கியில் ஏறின. முன்னால் டிரைவர், மாமா, என் வீட்டுக்காரர். பின்னால் மாமி, நாத்தனார் இரண்டு பேர், நான். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தபோது வண்டி பின்னால் சாய்ந்து உட்கார்ந்தது. கால் வைத்த இடத்துக்குக் கீழே ரோடு பக்கத்தில் ஓடுவது போல இருந்தது. ஆனால் ஏறுவதற்கு உண்மையாகவே வசதியாக இருந்தது. காலைத் தூக்கவே இல்லை.

தார் ரோடு விட்டு இறங்கியதும் இடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்ப்ரிங் கடைசி வரை அமுங்கி டம்மென்று ஒரு சத்தம். அடியில் கல் உரசும். சைலன்ஸர் எங்கோ கிழிந்து வண்டி லாரி போல அலறியது.

"மெதுவாப் போப்பா" என்றார் மாமா.

"மெதுவாத்தான் போறேன் மொதலாளி. வண்டிதான் இறங்கிப்போயி இருக்கு."

ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழேதான். சின்னச் சக்கரத்தில் பாதி மறைந்தது. அவ்வளவுதான், இதற்கு மேல் பயமில்லை என்று நான் மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். தரைப்பாலத்தின் அக்கரை ஓரம் வெள்ளத்தில் அரித்துப் போயிருந்தது கலங்கல் தண்ணீரில் தெரியவில்லை. முன் சக்கரம் அதில் இறங்கியது. வண்டியின் மூக்கு குனிந்தது. கீழே இரும்பு உடைகிற சத்தம்.

டிரைவர் உடனே எஞ்சினை நிறுத்தினார். இறங்கிக் குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டியதே இல்லை. தண்ணீரின் மேல் எண்ணெய் மயில் கழுத்துபோல நிறம் நிறமாகப் பரவி ஓடிக்கொண்டிருந்தது.

"எண்ணெய்த் தொட்டி ஒடஞ்சு போச்சு. இனி ஸ்டார்ட் பண்ணுனா எஞ்சின் பிடிச்சுக்கிரும்."

மாமா ரோட்டைத் திட்டினார். பிறகு மழையைத் திட்டினார். என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஓலை ஏற்றிய ஒரு மாட்டு வண்டி வந்தது. அதன் சக்கரத்துக்கு அந்தத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. வண்டிக்காரர் ஓலையை ஒதுக்கி இடம் கொடுத்தார். "வாங்க தாயி, சக்கரத்து ஆரத்துல கால வச்சு ஏறுங்க."

துப்பட்டியையும் சேலையையும் முழங்கால் வரை அள்ளிப் பிடித்துக்கொண்டு நான் தண்ணீரில் இறங்கினேன். கரையில் தண்ணீர் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் நின்றது. சக்கரத்தின் ஆரத்தில் கால் வைத்து, கறுப்பு வண்டியின் படியைப் போல இரண்டு மடங்கு உயரம் தூக்கி, ஏறினேன். மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்குள் போகும்போது எதிரே ஆண்கள் நனைந்தபடி திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த என் அண்ணன் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எம்புட்டு நேரந்தான்மா ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்குறது? மழை விடல. இப்பத்தான் மண்ணு தள்ளிட்டு வாரோம்."

அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போக முடியாது. அம்மா படுத்திருந்த கட்டிலை அதற்குள் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்டிலில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது அதுதான்.

பிறகு அதே மெக்கானிக் வந்து வண்டியைச் சரிசெய்தார். பின்னால் ஸ்ப்ரிங்கில் பட்டை கூட்டினார், முன் ஸ்ப்ரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்தார், எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே கனத்த தகடு கட்டினார். வண்டி விறைப்பாகி, தூக்கித் தூக்கிப் போட்டது. மாமா மறுபடியும் தடியோடு போய் அளந்தார்.

"என்னய்யா, அச்சு உசரம் அதேதான் இருக்கு?"

"ஆமா பாய். அச்சு அதேதான்" என்றார் மெக்கானிக். சாமான்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வண்டியில் மாமா குஜிலியம்பாறைப் பக்கம் தோல் கொள்முதலுக்குப் பல வருஷம் போய் வந்தார். உயர்த்திக் கட்டியது நல்லதாயிற்று என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். ஏன் உயர்த்தினோம் என்று சொல்லமாட்டார்.

சரிசெய்த கையோடு, அம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு எங்களைக் கூட்டிப்போக அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். வண்டி உயர்ந்து நின்றது. நான் சேலையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித்தான் ஏற வேண்டியிருந்தது. மாமா பக்கத்திலேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.