ஏழாம் நாற்காலியின் இரண்டு பதிவுகள்

கைகள் அழித்துக்கொண்டிருந்தன. இடது கை இரண்டு விசைகளை அழுத்திப் பிடிக்க, வலது கை அம்புக்குறியை ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கியது. நீல நிறம் பத்து வரிகளுக்குப் படர்ந்ததும் ஒரே தட்டு. பத்து வரியும் போயிற்று. ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதியவை அவை. எழுதிய அதே விரல்கள்தான் அழித்தன.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், பதினொரு பேர் வேலை செய்யும் அலுவலகம். டயாலிசிஸ் மையங்களில் எந்த நோயாளிக்கு எந்த நாற்காலி, எந்த நேரம் என்று குறிக்கும் மென்பொருளை அங்கே செய்தார்கள். இவள் அதைச் சோதிக்கும் டெஸ்டர். டேட்டா என்ட்ரிக்கு வந்தவள். அடுத்தவர் திரையைப் பார்த்துப் பார்த்து நிரல் எழுதப் பழகிக்கொண்டாள். யாரும் கற்றுத் தரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. சோதனைகள் எல்லாம் தேறினால், அவற்றை வரிசையாக ஓட்டும் பைப்லைன் பச்சை காட்டும், ஒன்று தவறினாலும் சிவப்பு. பச்சையைப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டாள். அதனால் அலுவலகத்தில் பச்சையக்கா.

அவள் அழித்தவை மாக்குகள். டேட்டாபேஸ் இருக்கும் இடத்தில் டேட்டாபேஸ் போல வேடம் போட்டு நிற்கும் துண்டு நிரல்கள். என்ன சொல்லச் சொல்கிறோமோ அதைத்தான் சொல்லும். போன மாதம் ஒரு மையத்தில் மென்பொருளின் புதுப் பதிப்பு படுத்துவிட்டது. சோதனை எல்லாம் பச்சை, ஓடவிட்டால் குப்பை. முதலாளி கொதித்துப்போய் உத்தரவு போட்டார்: இனி மாக் வேண்டாம், பைப்லைன் ஓடும்போதெல்லாம் கன்டெய்னர் என்ற தற்காலிகக் கூட்டுக்குள் உண்மையான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸே எழும்பட்டும், அதன்மேல் சோதனை ஓடட்டும்.

"நாலு நிமிஷத்துல முடியறது பதினோரு நிமிஷம் ஆகும் சார்" என்றாள்.

"ஆகட்டும். பொம்மையக் காட்டி எத்தன நாளைக்குப் புள்ளைய ஏமாத்தறது?"

பொம்மை செய்தவள் எதிரில் நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் கன்டெய்னர் வெறும் டேட்டாபேஸாக எழும்பும். முதல் நாளிலிருந்து எழுதிய மைக்ரேஷன் கோப்புகள் வரிசையாக ஓடி அட்டவணைகளைக் கட்டும். சோதனைகள் முடிந்ததும் எல்லாம் தூக்கி எறியப்படும். நூற்று நாற்பது சோதனைகளை மாற்றினாள். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் முதலில் வேண்டுமென்றே தவறவிட்டு, சரியான காரணத்துக்குத்தான் தவறுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனாள். நூற்று நாற்பத்தொன்றாவதற்கு அவளே வைத்த பெயர்: ஒரே நாற்காலி, ஒரே நேரம், இரண்டாம் பதிவு மறுக்கப்பட வேண்டும்.

பழைய சோதனையில், இரண்டாம் முறை சேமிக்கச் சொன்னால் 'ஏற்கெனவே உள்ளது' என்று பிழை எறியும்படி மாக்குக்குச் சொல்லி வைத்திருந்தாள். அது எறிந்தது. ஆறு வருஷம் எறிந்துகொண்டே இருந்தது.

புதிய சோதனையில் இரண்டு இணைப்புகளைத் திறந்தாள். இரண்டும் ஒரே சமயத்தில் "ஏழாம் நாற்காலி காலியா?" என்று கேட்டன. இரண்டுக்கும் காலி என்றே பதில். இரண்டும் சேமித்தன. பைப்லைன் சிவந்தது. எதிர்பார்த்த பதிவு ஒன்று, கிடைத்தது இரண்டு.

தன் சோதனையில்தான் தவறு என்று நினைத்தாள். மறுபடி ஓட்டினாள். சிவப்பு. இணைப்பெல்லாம் வேண்டாமென்று அதே வரியை நேரடியாக இரண்டு தடவை நுழைத்துப் பார்த்தாள். இரண்டும் உள்ளே போயின. டேட்டாபேஸ் முணுமுணுக்கக்கூட இல்லை.

மைக்ரேஷன் கோப்பைத் திறந்தாள். இரட்டைப் பதிவைத் தடுக்க வேண்டிய இன்டெக்ஸ் இருந்தது. நாற்காலி, நேரம், ரத்தான நேரம் என்று அட்டவணையின் மூன்று பத்திகள் சேர்ந்து ஒரே மாதிரி இரண்டு தடவை வரக்கூடாது என்பது அதன் கட்டளை. ஒரு பதிவை ரத்து செய்தால் வரி அழியாது, மூன்றாம் பத்தியில் ரத்தான நேரம் ஏறும். உயிருள்ள பதிவில் அந்தப் பத்தி காலி. அங்கேதான் கோளாறு. காலியும் காலியும் சமம் என்று டேட்டாபேஸ் எடுத்துக்கொள்வதில்லை. அது அதன் குற்றமல்ல, எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆகவே உயிருள்ள இரண்டு பதிவுகள் அதன் கண்ணுக்கு என்றுமே வெவ்வேறு. ரத்தான பதிவுகளை மட்டும் காவல் காத்த இன்டெக்ஸ் அது. கோப்பின் தலையில் எழுதியவர் பெயர் இருந்தது. முதலாளி.

அவள் கைகள் விசைப்பலகையை விட்டு மடிக்கு வந்தன.

நான்கு மாதம் முன்பு நகரத்தின் மறுகோடியிலுள்ள வேறொரு மையத்தில் ஏழாம் நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். முதலில் வந்தவரை உட்கார வைத்தார்கள். இரண்டாமவர் ஓய்வுபெற்ற ஓட்டுநர். நாளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் விடியுமுன் மூச்சுத் திணறி இறந்தார். அவருக்குப் பதிவு போட்ட வரவேற்பு ஊழியை, எச்சரிக்கை எதுவும் திரையில் வரவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். மையம் இந்த அலுவலகத்தைக் கேட்டது. இரட்டைப் பதிவு நடக்க வாய்ப்பே இல்லை, சோதனை இருக்கிறது, தேறுகிறது என்று கடிதம் போயிற்று. கீழே பச்சையக்காவின் கையெழுத்து. வரவேற்பு ஊழியை வேலையை இழந்தாள். ஓட்டுநரின் மனைவி வாசலில் வைத்து அவள் முகத்தில் துப்பினாள்.

அந்த ஊழியை பச்சையக்காவின் நாத்தனார். கணவனின் அக்கா. ஒரே வீடு, ஒரே அடுப்பு.

"சிஸ்டம் பொய் சொல்லாது அண்ணி" என்று அன்று சாப்பாட்டு மேசையில் இவள்தான் சொன்னாள். "நீங்க எச்சரிக்கைய மூடிட்டு அவர வரச் சொல்லியிருப்பீங்க. அவசரத்துல நடக்கறதுதான்." நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

முதலாளி அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். சிவப்புத் திரையை நின்றபடியே படித்தார்.

"சரி பண்ண எவ்ளோ நேரமாகும்?"

"இன்டெக்ஸ் ஒரு வரிதான் சார். ரத்தாகாத பதிவுக்கு மட்டும்னு மாத்தணும். ஆனா அந்த சென்டர்ல ஏறாது."

"ஏன்?"

"அவங்க டேட்டாவோட பேர மறைச்ச நகல கன்டெய்னர்ல ஏத்திப் பாத்தேன். ஏற்கெனவே ரெட்டை இருந்தா டேட்டாபேஸ் அந்த இன்டெக்ஸக் கட்ட விடாது. ஒரே ஒரு ஜோடி இருக்கு. ஏழாம் நாற்காலி. அந்தத் தேதி." திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "செத்தவரோட பதிவு இன்னும் உயிரோடதான் இருக்கு சார்."

முதலாளி உட்கார்ந்தார். "அப்ப அத ரத்து பண்ணிடு."

"ரத்தான நேரம்னு என்ன போடறது? இன்னைக்குத் தேதியா?"

"இன்னைக்குத் தேதி போட்டா நாலு மாசமா ரெண்டும் இருந்துச்சுன்னு சென்டர் நிர்வாகிக்குத் தெரிஞ்சுடும்ல? அன்னைக்குக் காலைல ஏழு மணின்னு போடு. மைக்ரேஷன்ல மாத்தினா யாரு மாத்தினாங்கன்னு சென்டர் திரையில எங்கேயும் வராது."

"ஏழு மணிக்கே ரத்தாயிடுச்சுன்னா, தெரிஞ்சும் அவருகிட்ட சொல்லலன்னு எங்க அண்ணி தலையில விழும் சார்."

"ஏற்கெனவே விழுந்ததுதானே. புதுசா என்ன விழப்போவுது?" பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "கடுதாசில யாரு கையெழுத்து? என்னோடதா? நான் எழுதின இன்டெக்ஸ் தப்புதான், ஒத்துக்கறேன். அது தேறுதுன்னு ஆறு வருஷமா சத்தியம் பண்ணது யாரு? யோசிச்சு நாளைக்குச் சொல்லு. நாளைக்கு மூணு மணிக்கு புதுப் பதிப்ப ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட அந்த நிர்வாகி வர்றான்."

மறுநாள் காலை நாத்தனார் வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள். பச்சையக்கா வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாக், கன்டெய்னர் என்று எதுவும் இல்லாமல்: "எச்சரிக்கை வரலன்னு நீங்க சொன்னது நெசம் அண்ணி. வரவே வராது. ஃபோன்ல இன்னொருத்தருக்குப் பதிவு போட்ட நர்ஸும் நீங்களும் ஒரே நொடியில அமுக்கியிருக்கீங்க. அத நான் சோதிக்கவே இல்ல. சோதிச்ச மாதிரி எழுதி வெச்சிருந்தேன்."

நாத்தனார் கையிலிருந்த சட்டையை உதறி முடித்துக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள்.

"இப்ப என்ன செய்யப்போற?"

பச்சையக்கா முதலாளி சொன்னதையும் சொன்னாள். "நான் மாட்டேன்னு சொல்லிடறேன் அண்ணி. உண்மைய எழுதிக் குடுத்துடறேன். வேல போனாப் போவட்டும்."

நாத்தனார் சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவை.

"போனாப் போவட்டுமா? உன் புருஷன் பட்டறை மூடி எத்தன நாளாச்சு? உன் சம்பளத்துலதான் மூணு வாய் ஓடுது. என்னோடதையும் சேத்து. நீ புண்ணியவதி ஆயிட்டு நான் பட்டினி கெடக்கணுமா? என் வேலயோட சோத்தையும் நீயே எடுத்துக்குவியா?"

"அண்ணி, உங்க பேரு..."

"என் பேரா? அந்தம்மா துப்புனது இன்னும் காயல. நீ காகிதம் எழுதினா காஞ்சிடுமா? எவன் எனக்கு வேல குடுப்பான்? ஒருத்தன் செத்துப் போயிட்டான்டி. அது உனக்குச் செவப்பும் பச்சையும்." அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். "அவன் சொன்ன மாதிரியே எழுது. ஏழு மணின்னே போடு. சம்பளத்த வாங்கிட்டு வா. தெனமும் என் மூஞ்சியப் பாத்துட்டே சோறு போடு. எனக்கு அது போதும்."

உள்ளேயிருந்து கணவன், "ரெண்டு பேரும் என்ன பேசறீங்க?" என்றான்.

"ஒண்ணுமில்லடா, வேல விஷயம்" என்றாள் அக்கா.

அலுவலகத்தில் பச்சையக்கா மைக்ரேஷன் கோப்பை எழுதினாள். முதல் வரி ஓட்டுநரின் பதிவைத் தேடிப் பிடித்து, ரத்தான நேரத்தில் அந்தத் தேதியின் காலை ஏழு மணியை ஏற்றியது. இரண்டாம் வரி பழைய இன்டெக்ஸை நீக்கியது. மூன்றாவது புதியதைக் கட்டியது. மூன்றும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள். ஒன்று தவறினால் எதுவும் நடக்காது. முதலாளியின் வரி என்பதற்காக அவள் அதைக் குறைவாகச் சோதிக்கவில்லை. இரட்டைப் பதிவு இருக்கும் நகலில் ஓட்டினாள், இல்லாத நகலில் ஓட்டினாள், கோப்பைப் பாதியில் தவறவைத்து எல்லாம் பழையபடி திரும்புகிறதா என்று பார்த்தாள். நூற்று நாற்பத்தொன்றாம் சோதனையில் இரண்டாவது இணைப்பு மறுக்கப்பட்டது. இந்த முறை மறுத்தது டேட்டாபேஸே. பதினோரு நிமிஷம் பத்து நொடி. பச்சை.

மூன்று மணிக்கு மையத்தின் நிர்வாகி வந்தார். முதலாளி குளிர்பானம் வரவழைத்து, இனிமேல் எல்லாச் சோதனையும் உண்மையான டேட்டாபேஸில்தான் என்று பெருமையாகச் சொன்னார். நிர்வாகி பதிப்புக் குறிப்பை விரலால் தடவியபடி படித்து, நான்காவது வரியில் நின்றார்.

"பழைய பதிவு ஒண்ணு சரிசெய்யப்பட்டதுன்னு போட்டிருக்கே. எது?"

முதலாளி பச்சையக்காவைப் பார்த்தார்.

"ஏழாம் நாற்காலி சார்" என்றாள். "அன்னைக்குக் காலைலயே வரவேற்புல ரத்தானது. ரத்து நேரம் மட்டும் டேட்டாபேஸ்ல ஏறாம நின்னிருக்கு."

"அப்ப அந்தம்மா தெரிஞ்சேதான் அந்தாள வரவிட்டுருக்கு" என்று நிர்வாகி உதட்டைச் சுளித்தார். "நல்லவேளை, அன்னைக்கே தொரத்திட்டோம். நீங்க கரெக்டா கண்டுபிடிச்சீங்கம்மா."

ஏற்புக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்த கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் அட்டையை வைத்து, பேனாவோடு பச்சையக்கா அவரிடம் நீட்டினாள்.