நான் எழுதிய ஏழாவது பத்தி

எங்கள் வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்மாருக்கு நான் ஒரு வரவேற்புக் கடிதம் கொடுப்பேன். வார்டு சிஸ்டர் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை. ஏழு மணி டியூட்டிக்குக் கால் மணி முன்னதாக வர வேண்டும். நோயாளிகளின் பொறுப்பைக் கட்டிலருகே நின்று ஒப்படைக்க வேண்டும், மேசையில் தேநீர் குடித்துக்கொண்டு அல்ல. போன் அலுமாரியில் இருக்க வேண்டும். ஏழாவது பத்தி இன்சுலினுக்கு: இருவர் சார்ட்டைப் பார்த்து, ஊசியில் மருந்து ஏற்றுவதையும் பார்த்து, பிறகே கையெழுத்து. "சந்தேகம் வந்தால் யாரையும் நிறுத்துங்கள், என்னையும்" என்றும் சேர்த்திருந்தேன். எழுதும்போது நன்றாக இருந்தது.

போன மாசம் வந்த பிள்ளை அதை மடித்து யூனிபோர்ம் பையிலேயே வைத்திருந்தாள். அநேகமானவர்கள் முதல் வாரத்திலேயே தொலைத்துவிடுவார்கள்.

அன்று ஆள் குறைவு. டாக்டரின் காலை ரவுண்ட் நடக்கும்போது நான் மேட்ரனின் அறையில் ஒரு கூட்டத்தில் இருந்தேன், படுக்கை விரிப்புகளைப் பற்றி. திரும்பி வரும்போது பதினொன்றரை. பகல் சாப்பாட்டு நேரம். உக்குவளையிலிருந்து வந்திருந்த வயதான அம்மாவின் இன்சுலினை நானே ஊசியில் ஏற்றினேன், பதினாறு யூனிட். நாலு நாளாக அதுதானே. ஊசியை டிரேயில் வைத்து, அந்தப் புதுப் பிள்ளையிடம் சார்ட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"நான் ஏத்துறதைப் பார்க்கலையே சிஸ்டர்."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் இன்சுலின் ஏற்றியவளிடம் நேற்று வந்தவள் சொல்கிறாள். நோயாளிகளைப் பார்க்க ஆட்கள் வரும் நேரமாகிறது, சீக்கிரம் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. அவள் முகம் சிவந்தது, ஆனாலும் சார்ட்டைத் திறந்து கடைசி வரியில் விரலை வைத்தாள். காலையில் சீனி மிகவும் குறைந்திருந்ததால் டாக்டர் ரவுண்டில் பத்தாகக் குறைத்திருந்தார்.

ஆறு யூனிட் அதிகம். அந்த அம்மா காலையிலேயே வியர்த்துப்போய் இருந்தவர். பதினாறும் போயிருந்தால் மயங்கியே போயிருப்பார். ஊருக்கு உபதேசம் எழுதியது நான்தான், நாற்பது வரி, அழகான கையெழுத்தில்.

அந்த ஊசியை, பாவித்த ஊசிகள் போடும் பெட்டியில் போட்டேன். புதிதாகப் பத்து யூனிட் அவளே ஏற்றினாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு அவள் தயங்கித் தயங்கி, இந்தத் தவறைப் பதிவேட்டில் நான் எழுதுவதா, தான் எழுதுவதா என்று கேட்டாள். அதுவும் என் கடிதத்தில் உள்ளதுதான். நானே எழுதுகிறேன் என்றேன். என் பெயரை எழுதும்போது எழுத்து வழமையைவிடச் சின்னதாக வந்தது.

அவள் ஊசி போடும்போது அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்கு ஏன் சின்ன மிஸ் போடுறாங்க? பெரிய மிஸ்ஸுக்குக் கை நடுங்குதா?"

"ஆமாம்மா," என்றேன்.